சலாமுக்குப் பின் நின்ற மௌனம்

நம் அதிராம்பட்டினத்தில் எவரும் எடுத்த எடுப்பில் காரியத்தைச் சொல்வதில்லை. முதலில் சலாம்; அதற்குப் பதில் கிடைத்த பின்னரே பேச்சு. கைபேசியிலும் இவ்வழக்கம் மாறவில்லை என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

மாணவர் உதவித்தொகை வழங்கும் ஓர் அமைப்பின் வாட்ஸ்அப் எண்ணைக் கவனிக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. ஒரு தந்தையார் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று மட்டும் அனுப்பியிருந்தார். ‘தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்றது நான் எழுதிவைத்திருந்த தானியங்கிப் பதில். அவருடைய கேள்விக்காக நான் காத்திருந்தேன். என் பதில் சலாமுக்காக அவர் காத்திருந்தார். இதற்கிடையே விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது.

சென்னை மெட்ரோ இரயிலின் வாட்ஸ்அப் பயணச்சீட்டுச் சேவை 2023ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அங்கே ‘ஹாய்’ என்பது பட்டியலைத் திறக்கும் சாவி. நம்மவரின் சலாமோ கதவைத் தட்டும் ஓசை. தட்டியவருக்கு முதலில் முகமன், பிறகுதான் பட்டியல் என்று முடிவு செய்தேன்.

வாட்ஸ்அப் வணிகச் செயலியில் உள்ள வரவேற்புச் செய்தி இதற்குப் போதவில்லை. முதன்முறை எழுதுவோருக்கும், 14 நாள்கள் தொடர்பின்றி இருந்து மீண்டும் எழுதுவோருக்கும் மட்டுமே அது செல்லும். வந்தது கேள்வியா, வெறும் முகமனா என்றும் பாராது. ஆகவே நண்பர் ஒருவர் உதவியுடன் தனி நிரல் அமைத்தோம். வந்த செய்தியிலிருந்து முகமன் சொற்களையும், ‘பாய்’, ‘சார்’ போன்ற விளிகளையும், குறிகளையும் அது நீக்கிப் பார்க்கும். எதுவும் எஞ்சாவிடில் அது வெறும் முகமன். ‘சலாம், கடைசி நாள் எது?’ என்றால் கேள்வி எஞ்சும். அதற்கு நேரே விடைதான் செல்ல வேண்டும்.

பதிலை இவ்வாறு எழுதினேன்: ‘வ அலைக்கும் ஸலாம். இது தானாகச் செல்லும் பதில். மாலையில் நாங்களே பார்ப்போம். அதுவரை கீழுள்ளவற்றில் ஒன்றைத் தொடலாம். வேறு கேள்வியாயின் எழுதி வையுங்கள்.’ வணக்கம் என்றவருக்கு வணக்கமே செல்லும்.

கீழே மூன்று பொத்தான்கள்தாம் வைக்க முடியும். ஒவ்வொன்றிலும் 20 குறியீடுகளே அடங்கும். இங்கே தமிழுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘கல்வி உதவித்தொகை விவரம்’ நம் கண்ணுக்கு 13 எழுத்து. கணினிக்கோ இடைவெளிகளுடன் 23. எனவே ‘விவரம்’ என்பதை விட்டேன், எஞ்சியது 16. பழைய செய்திகளைப் புரட்டி, மிகுதியாகக் கேட்கப்பட்ட மூன்றையே தேர்ந்தேன்: ‘கடைசி நாள் எது?’, ‘யார் பெறலாம்?’, ‘என்ன சான்று தேவை?’. ‘என்ன உதவி வேண்டும்?’ என்ற பொதுக்கேள்வி, கேட்கத் தயங்குபவரை மேலும் தயங்கவே வைக்கும்.

ஒருவர் மறுநாளும் சலாம் மட்டுமே அனுப்பினால் அதே பதில் மீண்டும் செல்லாது. அவர் பெயர் எங்கள் பார்வைக்கு வரும், நாங்களே அழைப்போம். அந்தத் தந்தையாருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.