வாடகையும் வீடும்

சம்பளம் வாங்குற நம்ம வீட்டுப் பொண்ணுங்ககிட்ட எல்லாரும் சொல்ற புத்தி ஒண்ணுதான்: அம்மா அப்பாவோட இரு, வாடகை மிச்சம். மிச்சம் யாருக்கு, எவ்வளவு என்று யாரும் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் கூட்டிப் பார்த்தேன்.

எங்க வீடு கண்ணகி நகரில், வாரியக் குடியிருப்பு. ஒரு அறை, ஓரமா அடுப்பு. அஞ்சு பேர். வேலை கிண்டியில். கையில் வருவது 22,000. அம்மாவிடம் 10,000 கொடுப்பேன். 2021 மே மாசத்துக்குப் பிறகு சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனாலும் ராத்திரி ஷேர் ஆட்டோவுக்கு 1,200 போகும். சொந்தச் செலவு 1,500. மீதி 9,300. வருஷத்துக்கு 1,11,600 நிற்கணும். போன வருஷம் பாஸ்புக்கில் நின்றது 38,000.

மற்றதெல்லாம் எங்கே? ஆயா செத்த செலவு, தம்பி காலேஜ் பீஸ், அத்தை மவ மஞ்சத்தண்ணிக்குச் சீரு. ஒண்ணும் வீண் செலவு இல்லை. சொத்து சேர்த்து வைக்க விடப்படாத சனத்துக்கு, சம்பளம் வாங்குற பிள்ளைதான் பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம். அதனால் வீட்டோட இருந்தால் மாசம் 9,300 மிச்சம் என்பது காகிதக் கணக்கு. நிஜக் கணக்கு 3,100 சொச்சம்தான்.

இனி தனி அறை. ஆதம்பாக்கத்தில் ஒரு ரூம், குளியலறை சேர்த்து 7,500. கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்து வீட்டுக்காரர் சொல்ற ரேட்டு, தண்ணிக் காசு, ரெண்டும் 900. சாப்பாடு 4,500. சொந்தச் செலவு 1,500. வேலைக்குப் பக்கம், ராத்திரி ஆட்டோ வேண்டாம். வீட்டுக்கு 5,000 அனுப்பினால் மீதி 2,600. நிஜக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் மாசம் 500 ரூபாய்தான் வித்தியாசம்.

இதைக் கவுக்குறது அட்வான்ஸ். பத்து மாச வாடகை என்பது மெட்ராஸ் பழக்கம், 75,000. மூணு வட்டிக்கு வாங்கினால் மாசம் வட்டி மட்டும் 2,250. அந்த 2,600-ல் 350தான் மிஞ்சும். அசல் அப்படியே கிடக்கும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாசம்தான் என்கிறது. ஆனால் ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது செல்லும் என்று அதே சட்டமே வழிவிடுது. வீடு தேடி அலையுறவ ஒத்துக்காம என்ன செய்வா?

அலைச்சலும் செலவுதான். ஆறு வீடு பார்த்தேன். "சொந்த ஊர் எது? இப்ப எங்கம்மா இருக்கீங்க?" என்பார்கள். கண்ணகி நகர் என்றதும் குரல் மாறும். "கறி சமைப்பீங்களா?" என்பது அடுத்த கேள்வி. சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. "சொந்தக்காரங்க கேட்டுருக்காங்க, சொல்றோம்" என்பார்கள். ரெண்டு வாரம் கழித்துப் போனால் டு-லெட் போர்டு அப்படியே தொங்கும். அதில்தான் தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு வீட்டுக்கும் அரை நாள் பெர்மிஷன், ஒரு இடத்தில் புரோக்கருக்கு முன்பணம். இந்தச் செலவுக்கு ரசீது கிடையாது.

சௌகரியம் என்று எனக்கு வேண்டியது மெத்தையும் ஃபேனும் இல்லை. குரூப் தேர்வுக்குப் படிக்க ராத்திரி பத்துக்கு மேல் ஒரு லைட்டு. வீட்டில் லைட்டைப் போட்டால் காலையில் அஞ்சு மணிக்கு வேலைக்குக் கிளம்புற அப்பா தூங்க முடியாது. யார் மேலயும் குத்தம் இல்லை. ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டு, அஞ்சு பேருக்கு ஒரு அறை என்று அளந்து கொடுத்தவர்கள் கணக்கு அது.

அம்மாவிடம் சொன்னேன். "கண்ணாலம் ஆவாத பொண்ணு தனியா இருந்தா நாலு பேரு இன்னா சொல்வாங்க?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சாயிரத்துல நான் எப்டிடி ஓட்டுவேன்?" என்றது. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ரெண்டாவதுதான் நிஜமான கேள்வி. நான் வெளியே போனால் கிடைக்கிற லைட்டுக்கு அம்மா மாசம் 5,000 கட்டுகிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு, இங்கே கொண்டுவந்து போட்ட பிறகு ஒரு வீடுதான் மிச்சம்.

பேசி முடித்தது இப்படி. ஏழாவது வீடு ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மாவுடையது. மூணு மாச அட்வான்ஸ், 22,500. பாஸ்புக்கில் இருந்து கொடுத்தேன், வட்டி இல்லை. பணம் வாங்கியதற்குக் கையெழுத்தும், காலி பண்ணும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். வீட்டுக்கு 5,000 இல்லை, 6,500. எனக்கு மிஞ்சுவது 1,100. தேர்வு முடியும்வரை ஒரு வருஷம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயித்துக்கிழமை அம்மா கறிக்குழம்பு தூக்கில் எடுத்துக்கிட்டு வருது. நர்ஸம்மா மூடியைத் திறந்து பார்த்துட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டாங்க.