செத்துப்போன அப்பாயிக்கு உடம்பு எப்படி இருக்கு?

வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போன் பேசுவதைக் குறும்படமாக எழுதச் சொன்னால், மாணவத் தோழர்கள் கொண்டுவரும் காட்சி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளை கஷ்டத்தையெல்லாம் கொட்டும், அம்மா அழுவார், பின்னால் புல்லாங்குழல் ஒலிக்கும். நாங்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்துவரும் நூற்பாலைப் பெண்கள் யாரும் வீட்டுக்கு அப்படிப் பேசியதில்லை. பேச முடிந்திருந்தால் எங்கள் வேலையில் பாதி குறைந்திருக்கும்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினாறு, பதினேழு வயதுப் பெண்களைப் புரோக்கர்கள் அழைத்துவருவார்கள். பெரும் பகுதியினர் தலித் குடும்பத்துப் பெண்கள். விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை செய்தால், கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் வரும், கல்யாணத்துக்கு ஆகும் என்பது பேச்சு. வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் 1961-லேயே வந்துவிட்ட நாட்டில், வரதட்சணைக்குச் சேமிக்கச் சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள். இடையில் கிளம்பினால் அந்த மொத்தத் தொகை போய்விடும். பல விடுதிகளில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வாரத்தில் ஒருநாள், வார்டன் பக்கத்தில் இருக்க, சில நிமிடங்கள் பேசலாம்.

ஆகவே இந்தப் படத்தில் வசனம் குறைவாக இருப்பதற்குக் காரணம் எங்கள் ரசனை இல்லை. அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதைப் புரிந்துகொண்டதும் திரைக்கதை தானாகச் சுருங்கியது. முழு அழைப்பும் இவ்வளவுதான்:

"அம்மா."
"சாப்ட்டியா?"
"ம். நீ?"
"ஆச்சு. உடம்பு?"
"நல்லாருக்கேன்."
"இன்னும் நாலு மாசந்தானே, கண்ணு."
"அப்பாயிக்கு உடம்பு எப்படி இருக்கு?"
"...முடியலடி. உன்னையே கேக்குது. அப்பாவ அனுப்புறேன்."
"சரி."

அப்பாயி இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் சாவு, கடுமையான நோய் என்றால்தான் லீவு கிடைக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும். 'என்னைக் கூட்டிட்டுப் போ' என்று வார்டன் முன்னால் சொல்ல முடியாதவள், செத்தவரின் உடல்நலத்தை விசாரிக்கிறாள்.

இதைப் பார்வையாளர் எப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். போன் பேசி முடித்தபின் மாலை போட்ட போட்டோவைக் காட்டலாம் என்று ஒரு தோழர் சொன்னார். அப்படிச் செய்தால் அது ஒரு திருப்பம். கைதட்டல் கிடைக்கும், ஆனால் அந்தப் பெண் கேட்கும்போது நமக்குப் பயம் வராது. நாங்கள் போட்டோவைப் படத்தின் முதல் நிமிடத்திலேயே வைத்தோம். காலையில் அம்மா வேலைக்குக் கிளம்புகிறார், போனை இடுப்பு மடிப்பில் செருகுகிறார். பின்னால் சுவரில் கிழவியின் படம், காய்ந்த மாலை. கேமரா அதை நெருங்கவில்லை, தனி ஷாட்டும் இல்லை. இப்படி வைத்ததால், மகள் கேட்கும் கணத்தில் நமக்குத் தெரிந்ததும் அம்மாவுக்குத் தெரிந்ததும் ஒன்றே. தெரியாதவர் வார்டன் மட்டும். நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் பார்க்கத் தொடங்குகிறோம்.

வார்டனின் முகம் படத்தில் இல்லை. நோட்டில் பெயரும் நேரமும் எழுதும் கை, இரண்டு வளையல், ஒரு பேனா. ஆரம்பத்தில் "ஸ்பீக்கர்ல போடு" என்ற ஒரே குரல். அப்பாயியைப் பற்றிக் கேட்டதும் பேனா நிற்கிறது. மிரட்டும் வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது அம்மாவின் மௌனம். இந்த ஒரு இடத்தில்தான் படம் மறுமுனைக்குப் போகிறது. அவர் நாற்று நடும் வயலில் நிற்கிறார், வரப்பில் நிலக்காரரின் கால்கள். அவரும் தன் பிள்ளையோடு தனியாகப் பேச முடியாது. ஊர் எது, சேரி எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே இரண்டு முனையிலும் கேட்டுக்கொண்டிருக்கும் காதுகள் அதைச் சொல்லிவிடுகின்றன. அவர் உடனே பதில் சொல்வதில்லை. நாலு மாதம் பொறுத்தால் வரும் பணம் ஒரு பக்கம், இப்படிக் கேட்கும் அளவுக்குப் போன மகள் ஒரு பக்கம். 'முடியலடி' என்று சொல்வதே அந்தப் பணத்தை விட்டுவிடும் முடிவு.

அந்த மௌனம் எத்தனை விநாடி? எடிட்டிங்கில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மூன்று விநாடி வைத்தால் சிக்னல் பிரச்சினை போலத் தெரிந்தது. ஒன்பது வைத்தால் லைன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். ஆறில் நிறுத்தினோம். அந்த ஆறு விநாடியும் முழு நிசப்தமாக இருக்கக் கூடாது. வயலில் பம்புசெட் ஓடும் சத்தம் போன் வழியாக விடுதி அறைக்குள்ளும் கேட்கிறது. அது கேட்கும்வரை லைன் இருக்கிறது, அம்மா இருக்கிறார் என்று நமக்குத் தெரியும்.

இதற்காக அம்மாவாக நடித்தவரை வேறொரு இடத்தில் நிறுத்தி, உண்மையாகவே போன் செய்யவைத்தோம். பழைய தொலைபேசித் தடத்தில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கடந்துவரும். அடித்தொண்டையின் கனம் போய், குரல் மெலிந்து தகரம் போல ஆகும். சுத்தமாகப் பதிவுசெய்த குரலை மென்பொருளில் அந்த அளவுக்கு வெட்டியும் இதைச் செய்யலாம். ஆனால் நடிக்கும் பெண்ணுக்கு எதிர்முனையில் யாரோ நிஜமாகத் தயங்குவது கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் விநாடியை எண்ணிக்கொண்டு நிற்பாள், அது கண்ணில் தெரிந்துவிடும்.

பின்னணி இசை இல்லை. ஆலை இரவும் பகலும் ஓடுவதால் விடுதிச் சுவர் வழியாக ஸ்பின்னிங் எந்திரங்களின் இரைச்சல் தாழ்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காக ஆள் பேசாத வெற்று அறையின் ஒலியை ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்துகொண்டோம். அது கையில் இல்லாவிட்டால் ஷாட் மாறும் இடத்திலெல்லாம் ஒலி வெட்டுப்படும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும். தலையில் ஒட்டிய பஞ்சு, பேசும்போதே அறுந்த நூலைப் பிணைப்பது போல அசையும் விரல்கள் ஆகியவை ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சொல்லிக்கொடுத்தவை. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஷெட்டில் கத்திப் பேசியே பழகியதால் போனிலும் முதல் வார்த்தை சத்தமாகத்தான் வரும். அதனால் அந்த "அம்மா" மட்டும் உரக்க ஒலிக்கிறது, மற்றதெல்லாம் தாழ்ந்து போகிறது.

அவள் ஏன் கிளம்ப நினைக்கிறாள் என்று படம் சொல்லவில்லை. சூப்பர்வைசரா, கைக்காயமா, ஓயாத அரை ஷிப்டா என்று ஒன்றைச் சொன்னால், மற்றவையெல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு 'நாலு மாசம்' என்பதன் கனம் முழுதாகப் புரியாது. பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய காலண்டரில் அடித்த கட்டங்கள் ஓரளவு உதவுகின்றன. மீதியைத் திரையிட்டபின் நடக்கும் பேச்சில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி எடுக்கப்போகும் தோழர்களுக்கு ஒரு விஷயம். இந்தச் சங்கேதத்தைப் படத்தில் வைக்கலாமா என்று, ஆலையை விட்டு வெளியேவந்த பெண்களிடம் முதலில் கேட்டோம். "பாட்டி கதை எல்லா வார்டனுக்கும் தெரியும், வையுங்க" என்று சிரித்தார்கள். வேறொரு வழியையும் சொல்லிவிட்டு, "அது வேண்டாம், உள்ள இருக்குறவங்களுக்கு இன்னும் அது வேணும்" என்றார்கள். அது படத்தைவிட நல்ல காட்சி. அதை எடுக்கவில்லை, எங்கேயும் எழுதவும் மாட்டோம்.