ஆண்டுக் குத்தகையா, அறுதி விலையா?

காணி வாங்குவோர் அது குத்தகையா, அறுதியா என்பதை உறுதி எழுது முன்னரே தெளிந்து கொள்வர். கணினிக்கு மென்பொருள் வாங்கும்போதோ நம்மிற் பலர் அவ்வினாவை எழுப்புவதில்லை. நாமும் எழுப்பவில்லை. அதனால் நேர்ந்த நட்டமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தவணைப் பரீட்சை வினாத்தாள்களை அழகுற அமைப்பதற்கென 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மென்பொருள் ஒன்றை ஆண்டுக்கு 60 டொலர் வீதம் பெற்றோம். அந்நாளில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே 12,000 ரூபாவோடு காரியம் முடிந்தது. சில மாதங்களில் அதன் தேவை அற்றுப்போகவே, கணினியிலிருந்து அதனை நீக்கினோம். நீக்கியதோடு கணக்கும் தீர்ந்தது என எண்ணியிருந்தோம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற்குப் பின் நம் ரூபாவின் மதிப்புச் சரிந்ததும், மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியதும் யாவரும் அறிந்தவை. நமது உரிமத்திற்கு ஆண்டு நிறைந்த அன்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கடனட்டையிலிருந்து 21,000 ரூபாவுக்கு மேல் கழிக்கப்பட்டிருந்தது. “அதைத்தான் அழித்துவிட்டீர்களே, பிறகு எதற்குக் காசு?” என்று மனைவியார் வினவினார். நம்மிடம் விடையில்லை.

பின்னரே விடை விளங்கிற்று. மென்பொருள் இருப்பது நம் கணினியில். ஒப்பந்தம் இருப்பதோ விற்பனையாளரிடம் நாம் திறந்த கணக்கில். முன்னதை அழித்தால் பின்னது அழியாது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறியவன், குத்தகையை முறிக்காதவரை வாடகை கொடுக்க வேண்டியவனே அல்லனோ? ஆதலின், விற்பனையாளரின் தளத்திலே நம் கணக்கினுட் புகுந்து, சந்தா என்னும் பகுதியில் அடுத்த கட்டணம் எந்நாளில் என்பதைப் பார்த்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்துதல் வேண்டும். நிறுத்தியமைக்குச் சான்றாக வரும் மின்னஞ்சலையும் பேணுதல் நன்று. ஆண்டுக் கட்டணத்தை முற்கூட்டியே செலுத்தியவர்க்குப் பெரும்பாலும் ஆண்டிறுதிவரை பயன்பாடு கிடைக்கும்; ஆகவே வாங்கிய நாளிலேயே நிறுத்தி வைப்பினும் இழப்பில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தை மாதந்தோறும் செலுத்துவோர் மட்டும் இடையில் விலகுவதற்குத் தண்டம் உண்டா என்பதை முதலிற் படித்தறிதல் வேண்டும்.

இனி விலையை ஒப்பிடுவோம். அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருள், ஒரே முறை விலையாக 150 டொலருக்குக் கிடைக்கின்றது என்றும், புதிய பதிப்புக்கு மாறுவோர் 70 டொலர் மேலும் செலுத்த வேண்டும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 60 டொலர் கொடுப்பவர் மூன்றாம் ஆண்டில் 180 டொலரை எட்டிவிடுவார். ஐந்தாண்டுகளில் அவர் கொடுத்தது 300 டொலர். ஒருமுறை புதிய பதிப்புக்கு மாறியவர் கொடுத்ததோ 220. ஓராண்டு மட்டுமே தேவையுடையவர்க்குக் குத்தகையே இலாபம். நீண்ட நாட் பயன்படுத்துவோர்க்கு அறுதியே இலாபம்.

ஆயினும் விலையினும் பெரிய வினா ஒன்றுண்டு: கொடுப்பதை நிறுத்தும் நாளில் நம் கையில் எஞ்சுவது யாது? மைக்ரோசொப்ட் 365 சந்தா முடிவுற்றபின், கணினியில் நிறுவிய செயலிகளிலே பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம். திருத்தவோ புதிதாக எழுதவோ இயலாது. அதே நிறுவனத்தின் ஒபிஸ் 2019ஐ ஒரே முறை விலை கொடுத்து வாங்கியவரோ இன்றும் அதில் எழுதலாம்.

எனினும் அறுதி என்பதும் முற்றிலும் அறுதியன்று. ஒபிஸ் 2019க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நின்றுவிட்டன. இயங்கும், ஆனால் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. மேலும், சலுகை விலையிற் பதிப்பு மாறும் உரிமையைச் சில விற்பனையாளர்கள் அண்மைப் பதிப்பை வைத்திருப்போர்க்கே அளிப்பர். பல பதிப்புகளைத் தாண்டிச் சென்றால் மீண்டும் முழு விலையே.

நமது அனுபவத்தின் பின், வினாத்தாள்களை யாவும் எந்தக் கணினியிலும் திறக்கத்தக்க பொதுவடிவிலும் ஒரு படி சேமித்து வருகின்றோம். மென்பொருளை ஒரே முறை விலைக்கே வாங்கினோம். சுவரிலுள்ள நாட்காட்டியில், வீட்டிலுள்ள ஏனைய சந்தாக்கள் புதுப்பிக்கப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே சிவப்பு மையாற் குறியிடுபவர் மனைவியார்.