நூற்றுப் பதினேழு

எங்கள் மகன் ஐந்து வயதிலேயே ஜுஸ்உ அம்மாவின் பெரும்பகுதியை மனனம் செய்திருந்தான். மஹல்லாவில் எல்லோரும் "மாஷா அல்லாஹ், பிறவி மேதை" என்றனர். நாங்களும் நம்பினோம். ஏழு வயதில் அவனை ஒரு வகுப்பு தாண்டிச் சேர்க்கும்படி பள்ளியில் கேட்டபோது சான்று கேட்டார்கள். அதைப் பெறவே உளவியலாளரிடம் சென்றோம்.

அந்த அம்மையார் உடனே தேர்வைத் தொடங்கவில்லை. "எண் உயர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள்? நினைத்ததைவிடக் குறைந்து வந்தால்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் நீண்ட விடை இருந்தது. இரண்டாவதற்கு மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"1905-இல் பாரிஸில் பினே இத்தகைய தேர்வை உருவாக்கியதே, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். நானும் அவனுக்கு என்ன தேவை என்றே பார்ப்பேன். மேதை என்று எழுதித் தருவதாக வாக்களிக்க இயலாது" என்றார்.

வெக்ஸ்லர் தேர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. வண்ணக் கட்டைகளைக் கண்டதும் அவன், "அத்தா வீட்டில் செய்ய வைத்தது இதுதானே!" என்றானாம். இணையத்தில் கண்ட மாதிரிகளைக் கொண்டு ஒரு மாதம் பழக்கியிருந்தேன். பழக்கிய பகுதி ஆற்றலைக் காட்டாது, பழக்கத்தையே காட்டும் என்று அவர் அதை விலக்கி, மாற்றுப் பகுதியைக் கொடுத்திருந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை; அதுவே அதிகம் உறுத்தியது.

மொத்த மதிப்பு 117. சராசரி 100; பொதுவாக 130-ஐத் தாண்டுவோரையே மீத்திறன் கொண்டோர் என்பர், அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். "இதை ஒற்றை எண்ணாகக் கொள்ளாதீர்கள். அவனது உண்மை நிலை 111-க்கும் 122-க்கும் இடையில் இருக்கக்கூடும்" என்றார். பின்னர் அந்த மொத்த எண்ணை ஒதுக்கிவிட்டு உட்பகுதிகளைக் காட்டினார். நினைவாற்றல் 126, மொழித்திறன் 124. ஆனால் செயல்வேகம் 91.

"இது குறைபாடன்று, சராசரிக்குள்தான். ஆனால் மற்றவற்றோடு உள்ள இடைவெளியைப் பாருங்கள்" என்றார். இரண்டு நிமிடத்துக்குள் இயன்றவரை குறிகளைப் பார்த்து எழுத வேண்டிய பகுதியில், அவன் ஒவ்வொன்றையும் ஓவியம்போல் வரைந்துகொண்டிருந்தானாம். சிந்தனை மெதுவா, கைதான் மெதுவா என்பதை இதைக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது; எழுத்துப் பழக்கத்தைத் தனியே பார்க்க வேண்டும் என்றார். மேல்வகுப்பில் எழுதும் வேலை கூடும். கேட்டதும் விளங்கிக்கொள்ளும் பிள்ளை, எழுதி முடிக்காமல் தினமும் பின்தங்குவான். இப்போதுள்ள வகுப்பிலேயே கடினமான நூல்களையும் கணக்குகளையும் கொடுக்கச் சொன்னார். ஓராண்டுக்குள் இதே தேர்வை மீண்டும் எழுத வைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

ஆட்டோவில் வரும்போது மகன், "அத்தா, நான் ஜெயித்தேனா?" என்று கேட்டான். "உனக்கு எழுதினால் கை வலிக்குமா?" என்று கேட்டேன். விரலை நீட்டிக் காட்டினான். நடுவிரலின் ஓரம் சிவந்து தடித்திருந்தது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த எண்ணை என் அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.