ரஷ்யாவுக்கு லால்குடியிலிருந்து ஒரு பாலம்

டார் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். ரோடு போடுற தார் இல்லீங்க. நாம எந்தத் தளத்தைப் பார்க்கிறோம்னு இணைய நிறுவனத்துக்கும், நாம யாருன்னு அந்தத் தளத்துக்கும் தெரியாம, நடுவுல மூணு கணினி வழியா சுத்திக்கிட்டுப் போற வலையமைப்பு. இது எதுக்கு நமக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஞாபகமூட்டல்: 2007 ஜூன்ல இலங்கையில தமிழ்நெட் தளத்தை அங்கிருந்த இணைய நிறுவனங்கள் முடக்கினாங்க. அந்த மாதிரி ஒரு தளத்தை மட்டும் அடைச்சா, டார் வழியா சுத்திப் போய்ப் படிச்சிடலாம்.

ஆனா அடைக்கிறவன் டாரையே அடைச்சா? அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. டார்ல இருக்கிற ஆயிரக்கணக்கான ரிலே கணினிகளோட முகவரிப் பட்டியல் எல்லாருக்கும் பொதுவானது, மணிக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறாங்க. நமக்கு வழி தெரியணும்னா பட்டியல் வெளியில இருந்துதான் ஆகணும். தடுக்கிறவனும் அதே பட்டியலை இறக்கி, அதுல உள்ள ஐபி எல்லாத்துக்கும் பூட்டு போட்டுடலாம்.

2021 டிசம்பர்ல ரஷ்யாவுல இதுதான் நடந்துச்சு. எங்க அக்கா பையன் அப்போ அங்கே எம்.பி.பி.எஸ். படிச்சிட்டிருந்தான். "மாமா, டார் அஞ்சு பெர்சன்ட்லயே நிக்குது"ன்னு வாட்ஸ்அப்ல படம் அனுப்பினான். டார் பிரவுசரோட பதிவேட்டுல கடைசி வரி இது:

```
Bootstrapped 5% (conn): Connecting to a relay
```

இந்த வரியைப் படிக்கத் தெரிஞ்சா பாதி வைத்தியம் முடிஞ்சுது. அஞ்சுல நின்னா, முதல் ரிலேயோட கதவையே தொட முடியலைன்னு அர்த்தம். நெட்டே இல்லாட்டியும் இப்படி நிக்கும்தான். ஆனா வாட்ஸ்அப் ஓடுது, மத்த தளங்கள் திறக்குது, இது மட்டும் நிக்குதுன்னா சந்தேகம் ரிலே முகவரிகள் மேலதான். அந்த மாசம் 8-ம் தேதி torproject.org தளத்தையும் அங்கே முடக்கிட்டாங்க.

இதுக்கு மருந்துதான் பிரிட்ஜ். (எங்க அக்கா "கொள்ளிடம் பாலமாடா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா.) பிரிட்ஜும் ஒரு ரிலேதான், ஆனா பொதுப் பட்டியல்ல அதோட பேர் இருக்காது. டார் பிரவுசருக்குள்ளேயே சில பிரிட்ஜ் முகவரிகளை வெச்சுத்தான் குடுக்கிறாங்க. பையன் முதல்ல அதைப் போட்டான், ரெண்டு பெர்சன்ட்ல நின்னுச்சு. நிக்காம என்ன செய்யும்? உலகத்துல எல்லார் கையிலேயும் இருக்கிற முகவரி தடுக்கிறவன் கையில மட்டும் இருக்காதா?

அப்புறம் அவனை ஜிமெயில்லேருந்து bridges@torproject.org-க்கு ஒரு மடல் போடச் சொன்னேன். ஜிமெயில் மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துலேருந்து வர்ற மடலுக்குத்தான் பதில் வரும். ஒரே ஆள் ஆயிரம் முகவரி உருவாக்கி எல்லா பிரிட்ஜையும் அள்ளிடக்கூடாதுன்னு அந்தக் கட்டுப்பாடு. பதில்ல வர்ற வரி இந்த மாதிரி இருக்கும் (எண்களை நான் மாத்திட்டேன்):

```
obfs4 192.0.2.7:8443 0123456789ABCDEF0123456789ABCDEF01234567 cert=... iat-mode=0
```

இதுல கடைசிப் பக்கம் இருக்கிற `cert` தான் எனக்குப் பிடிச்ச விஷயம். முகவரியை மறைச்சா மட்டும் போதாதுன்னு சீனாக்காரன் சொல்லிக்குடுத்த பாடம் அது. டார் மாதிரி தெரியற ஒரு இணைப்பைப் பார்த்ததும், சீனத் தடுப்புச் சுவரே அந்த முகவரிக்குப் போய் டார் பாஷையில பேசிப் பார்க்கும். பதில் வந்துச்சா, பிரிட்ஜ்தான்னு உறுதி, அடைச்சிடும். obfs4 இதுக்கு ரெண்டு காரியம் பண்ணுது. போற தகவலை எந்த வடிவமும் இல்லாத குப்பை மாதிரி ஆக்கிடுது. அந்த `cert`ல உள்ள ரகசியம் தெரியாம யார் கதவைத் தட்டினாலும் வாயே திறக்காது. இப்படி உருவத்தை மாத்தற துணை நிரலுக்குத்தான் 'ப்ளக்கபிள் டிரான்ஸ்போர்ட்'னு பேரு.

வரியை அப்படியே ஒட்டினான், நூறு வந்துச்சு. 2022 மார்ச்சுல அதோட அருமை தெரிஞ்சுது. உக்ரைன் போர் ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு வாரத்துல பிபிசி தளத்தை ரஷ்யாவுல முடக்கினாங்க. பிபிசி தமிழும் அதே bbc.com-குள்ளதான். நம்ம பசங்க எல்லை தாண்டினாங்களா, எந்த ஊர்ல குண்டு விழுந்துச்சுன்னு இங்கே அக்கா டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. அங்கே இருக்கிறவனுக்கு ரஷ்ய அரசு சொல்றதைத் தவிர வேற சேதி இல்லை. அந்த பிரிட்ஜ் வழியா அவன் தமிழ்ல செய்தி படிச்சு, ஹாஸ்டல்ல இருந்த மத்த பசங்களுக்கும் சொன்னான்.

நடுவுல அந்த பிரிட்ஜும் ஒரு நாள் செத்துப்போச்சு. அடைச்சாங்களா, நடத்தினவர் நிறுத்திட்டாரான்னு இந்தப் பக்கத்துலேருந்து கண்டுபிடிக்க முடியாது. புதுசு வாங்குற வரைக்கும் ஸ்னோஃபிளேக் போட்டுக்கிட்டான்.

ஸ்னோஃபிளேக் வேற ரகம். நிரந்தர முகவரியே கிடையாது. தன்னார்வலர்களோட பிரவுசர்களே வந்து வந்து போற குட்டிப் பாலங்களா இருக்கும். ஒரு தரகர் கணினி ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கும். அந்தத் தரகரை அணுகுறதே, அடைக்க மனசு வராத ஒரு பெரிய தளத்துக்குப் போற மாதிரி பாவலா பண்ணித்தான். அதுக்கப்புறம் போற இணைப்பு வெப்ஆர்டிசி, அதாவது வீடியோ கால் பேசுற அதே முறை.

வீடியோ கால் மாதிரி இருந்தா யார் கண்டுபிடிப்பாங்க? கண்டுபிடிச்சாங்களே! 2021 டிசம்பர்லயே ரஷ்யாவுல ஸ்னோஃபிளேக்கும் அடைபட்டுச்சு. ஆரம்ப வணக்கம் சொல்லிக்கிற டிடிஎல்எஸ் செய்தியில, ஸ்னோஃபிளேக் பயன்படுத்தின நிரலகம் சாதாரண பிரவுசர் அனுப்பாத ஒரு சின்ன உபரிப் பகுதியைச் சேர்த்து அனுப்பிட்டிருந்தது. அந்த ஒரு மச்சத்தை வெச்சே பிடிச்சுட்டாங்க. அதை நீக்கினதும் மறுபடி ஓடிச்சு. இதுல ஒரு குழப்பமும் உண்டு: ஸ்னோஃபிளேக்ல பத்து பெர்சன்ட்ல நின்னா, ரிலே வரைக்கும் போயிடுச்சுன்னு நம்பாதீங்க. துணை நிரல் உண்மையில இணையறதுக்கு முன்னாடியே டாருக்கு "சரி"ன்னு சொல்லிடும், அதனால பத்து வரைக்கும் சும்மாவே ஏறிடும்.

இதெல்லாம் பார்த்துட்டு, லால்குடி வீட்டுல நானே ஒரு பிரிட்ஜ் வெச்சா என்னன்னு தோணிச்சு. ஆனா பிரிட்ஜுக்கு வெளியிலேருந்து உள்ளே வர ஒரு கதவு வேணும். ரவுட்டர்ல பார்த்தா என் முகவரி 100.72-ல ஆரம்பிக்குது. 100.64-லேருந்து 100.127 வரைக்கும் இருந்தா, நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். தெருவுக்கே ஒரு வாசல்! ஃபைபர்காரத் தம்பிகிட்ட தனி முகவரி கேட்டேன், மாசாமாசம் தனியா காசுன்னார். விட்டுட்டேன்.

ஸ்னோஃபிளேக்குக்கு அந்தக் கதவு தேவையில்லை. பழைய லேப்டாப்ல ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாப் போட்டுட்டேன். என்னை மாதிரி நெருக்கடியான வாசலுக்குப் பின்னாடி இருக்கிறவங்களை, தாராளமான வாசல் இருக்கிற பயனர்களோட மட்டும்தான் தரகர் சேர்த்து வைப்பார். அதனால எண்ணிக்கை குறைவுதான். போலீஸ் வீட்டுக்கு வருமான்னு கேட்ட நண்பருக்கு: என் கணினியைத் தாண்டிப் போறது பூட்டின பெட்டி, எனக்கே உள்ளே என்னன்னு தெரியாது. அதுக்கப்புறமும் டாரோட மூணு கணினி இருக்கு, கடைசித் தளத்துக்குத் தெரியறது மூணாவதோட முகவரிதான், என்னுது இல்லை.

அக்கா பையன் படிப்பை முடிச்சு ஊருக்கே வந்துட்டான். 2024 மார்ச்சுல வெப்டனல்னு இன்னொண்ணும் வந்துருக்கு. குப்பை மாதிரி தெரியறதுக்குப் பதிலா ஒரு சாதாரண வெப்சைட் மாதிரியே தெரியும். அதுக்குச் சொந்த டொமைன் வேணும், அதனால இப்போதைக்கு நம்ம லேப்டாப் ஸ்னோஃபிளேக்தான். கரண்ட் போனாலும் பேட்டரியில அரை மணி நேரம் தாக்குப்பிடிக்குது. நேத்து ராத்திரி பார்த்தப்போ, கடந்த 24 மணி நேரத்துல உதவினது 9 பேருக்குன்னு காட்டிச்சு.