நெர்ஹா கடற்கரையிலிருந்து பாட்டிக்கு...

ஸ்பெயின் தேசத்தில் மாட்ரிட் நகரில் என் தங்கை குடும்பத்தோடு இருக்கிறாள். போன ஆகஸ்டில் நானும் என் கணவரும் அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். அந்த ஊரில் ஆகஸ்டு வந்துவிட்டால் வெயில் தாங்காமல் பாதி ஜனம் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுகிறது. எதிர் வீட்டுக்காரர்கள் நெர்ஹா என்ற ஊரில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருந்தார்கள். "இடம் இருக்கு, நீங்களும் வாங்க" என்று கூப்பிட, தங்கையும் நாங்களுமாக ஒட்டிக்கொண்டோம். காரில் ஆறு மணி நேரப் பயணம்.

நெர்ஹா, மாலகா மாகாணத்தில் மத்தியதரைக் கடலை ஒட்டிய சின்ன ஊர். வெள்ளையடித்த வீடுகள், ஏறி இறங்கும் சந்துகள். ஊர் நடுவில் கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல் ஒரு பாறை மேடு. அதன் மேல் பனை மாதிரி மரங்களும் கைப்பிடிச் சுவரும் வைத்திருக்கிறார்கள். 'ஐரோப்பாவின் பால்கனி' என்று பெயர். 1884 டிசம்பரில் பெரிய பூகம்பம் வந்து இந்தப் பக்கமெல்லாம் இடிந்தபோது, அடுத்த மாதம் பார்க்க வந்த பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ ராஜா வைத்த பெயர் என்று சொல்கிறார்கள். அவருடைய வெண்கலச் சிலை, மகுடம் கிகுடம் ஒன்றும் இல்லாமல், நம்மைப்போலவே கைப்பிடியில் சாய்ந்தபடி கடலைப் பார்த்து நிற்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ராஜாவைப் பற்றி அல்ல. எதிர் வீட்டுப் பையனைப் பற்றி. ஒன்பது வயது. செகோவியாவில் இருக்கும் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அவன் ஒரு தபால் அட்டை எழுதினான். அதை எழுதி முடிக்க அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

தினமும் ராத்திரி பாட்டியோடு போனில் முகம் பார்த்துத்தான் பேசுகிறான். "அப்புறம் அட்டை எதுக்கு?" என்று கேட்டேன். அவன் அம்மா சிரித்துவிட்டு, "அது வேற, இது வேற. அட்டையை என் அம்மா குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பாள்" என்றாள். (இந்தப் பேச்செல்லாம் தங்கை சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.)

கடலைப் பார்த்த ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பையன் பேனாவைத் திறந்தான். முதல் வார்த்தை எழுதினான். உடனே நிறுத்திவிட்டான். அம்மாவைப் பார்த்தான். அம்மா அட்டையைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தங்கை என் காதோடு சொன்னாள். "அக்கா, பாட்டிக்கு எழுதினா 'கெரிதா அபுவேலா'ன்னு ஆரம்பிக்கணும். அன்புள்ள பாட்டின்னு அர்த்தம். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து எழுதினா 'கெரிதோஸ் அபுவேலோஸ்'. தாத்தான்னு ஆண்பால்லே சொல்லி பன்மை போட்டா, பாட்டியும் அதுக்குள்ளே அடக்கம். இவன் பழக்க தோஷத்துலே 'கெரிதோஸ்'னு எழுதிட்டான்."

தாத்தா அந்த வருஷம் மார்ச்சில் காலமாகியிருந்தார்.

நம் தமிழில் 'அன்புள்ள' என்று எழுதினால் தீர்ந்தது. ஒருவருக்கும் அதுதான், ஊருக்கே எழுதினாலும் அதுதான். அவர்கள் பாஷையில் அந்த முதல் வார்த்தையே ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்று சொல்லிவிடுகிறது. ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் கடிதத்தின் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். நினைக்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அம்மா கைப்பையிலிருந்து வேறு அட்டை எடுத்தாள். பையன் வேண்டாம் என்றுவிட்டான். படத்தில் குகை இருக்கும் அட்டை இது ஒன்றுதானாம். கொஞ்ச நேரம் யோசித்தான். 'ஓ' என்ற வட்டத்தின் ஓரத்தில் ஒரு வால் இழுத்தான், அது 'ஆ' ஆகிவிட்டது. மிச்சமிருந்த 'ஸ்' எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும் அல்லவா? அதற்கு மூக்கு, கண், முதுகில் செதில் போட்டு ஒரு கடல்குதிரையாக்கிவிட்டான். அதற்குப் பக்கத்தில் 'அபுவேலா' என்று எழுதி, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்தான். ஸ்பானிஷ் கடிதத்தில் விளிக்குப் பிறகு இந்த முக்காற்புள்ளிதான் போட வேண்டும். இங்கிலீஷ் பழக்கத்தில் கமா போட்டால் பள்ளிக்கூடத்தில் திருத்துவார்களாம்.

அப்புறம் மளமளவென்று எழுதினான். அட்டையின் பின்பக்கத்தில் வலது பாதி விலாசத்துக்குப் போய்விடும். இடது பாதியில் குழந்தைக் கையெழுத்தில் ஏழெட்டு வரிதான் பிடிக்கும். அதனால் எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். தங்கை படித்துச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள பாட்டி: எப்படி இருக்கே? நாங்க நெர்ஹாவுலே இருக்கோம். நல்லா பொழுது போகுது. ரொம்ப வெயில். தினமும் கடல்லே குளிக்கிறேன். நேத்து குகைக்குப் போனோம். இங்கே முட்டை அடை உன்னுது மாதிரி இல்லை. நீ இல்லாதது எனக்குக் குறையா இருக்கு. உனக்கு ரொம்பப் பலமா ஒரு முத்தம்."

அவ்வளவுதான். இதில் சில விஷயங்களைத் தங்கையிடம் துருவித் துருவிக் கேட்டேன்.

'எப்படி இருக்கே' என்பதில் 'நீ'தான், 'நீங்கள்' இல்லை. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். இப்போது ஸ்பெயினில் பேரன் பேத்திகள் பாட்டியை 'தூ' என்றுதான் சொல்கிறார்கள். பையனின் பாட்டி சிறுமியாக இருந்தபோது தன் பாட்டியை 'உஸ்தேத்' என்றே கூப்பிட்டாளாம். நம் வீடுகளிலும் இரண்டும் உண்டே! கேள்விக்குறியை வாக்கியத்தின் முன்னால் ஒருமுறை தலைகீழாகவும் போடுகிறார்கள். பையன் அதைத் தூண்டில் முள் மாதிரி அழகாகப் போட்டிருந்தான்.

'ரொம்ப வெயில்' என்பதற்கு அவன் எழுதியது 'ஆத்தே மூச்சோ கலோர்'. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் மதுரைப் பக்கம் வெயிலில் நடந்து வந்த கிழவி 'ஆத்தே!' என்று திண்ணையில் மூச்சு வாங்க உட்காருவாளே, அதே மாதிரி இருக்கிறது. தங்கை விளக்கினாள். 'ஆத்தே' என்றால் 'செய்கிறது'. வானிலையைப் பற்றிப் பேசினால் வெயில் 'செய்கிறது'. நமக்குப் புழுக்கமாக இருந்தால் 'எனக்குச் சூடு இருக்கிறது' என்ற பொருளில் 'தெங்கோ கலோர்' என்று சொல்ல வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் இங்கிலீஷ் மாதிரி 'நான் சூடாக இருக்கிறேன்' என்று எழுதிவிட்டால் அசிங்கமான அர்த்தம் வந்துவிடுமாம். பாட்டிக்கு அனுப்ப முடியாது.

அம்மா ஒரு வரியில்தான் தயங்கினாள். 'தே எச்சோ தே மேனோஸ்' என்ற வரி. 'உன் ஞாபகமாகவே இருக்கு' என்று சொல்ல ஸ்பெயினில் இதைத்தான் சொல்வார்கள். தென் அமெரிக்காப் பக்கம் வேறு சொல். 'மேனோஸ்' என்றால் குறைவு. "இதைப் படிச்சா அம்மா அழுவாளே" என்றாள் அவள். ஒவ்வொரு ஆகஸ்டும் தாத்தாவும் பாட்டியும் இவர்களோடு கடற்கரைக்கு வருவது வழக்கமாம். போன வருஷம்தான் தாத்தாவுக்கு முடியாமல் இருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இந்த வருஷம் பாட்டி மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். பையன் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டான். அவளும் விட்டுவிட்டாள். தாத்தாவைப் பற்றி அட்டையில் ஒரு சொல் இல்லை.

முத்தம் விஷயம் அங்கே சர்வ சாதாரணம். கடிதம் முடிந்தால் முத்தம், போனை வைக்கும்போது முத்தம். பலமான முத்தம் என்றால் கன்னத்தில் அழுத்தி வைப்பது.

விலாசம் எழுதும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். காரணம் உண்டு. போன வருஷம் தெருப்பெயர், வீட்டு எண், இரண்டாவது மாடி என்று எல்லாம் எழுதியவன் 'இடது' என்பதை விட்டுவிட்டான். அங்கே ஒரு மாடியில் இடது வீடு, வலது வீடு என்று இருக்கும். அட்டை வலது வீட்டுத் தபால் பெட்டிக்குள் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர்கள் கிராமத்துக்குப் போய் செப்டம்பர் கடைசியில்தான் திரும்பினார்கள். ஆகஸ்டு முழுக்கத் தாத்தா தினம் இரண்டு மாடி இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். "முழங்கால் வலியோட!" என்றாள் அவள். பையன் 'இடது' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டான். பிறகு ஐந்து இலக்க எண். செகோவியா மாகாணம் 40இல் ஆரம்பிக்கிறது, மாட்ரிட் 28.

பாட்டியின் பெயர் ஒரே வரியில் முடிந்தது. அங்கே பெண்கள் கல்யாணம் ஆனாலும் பெயரை மாற்றுவதில்லை. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, இரண்டு குடும்பப் பெயரும் கடைசிவரை கூட வரும். கணவர் போனாலும் விலாசத்தில் அவள் பெயர் அப்படியேதான். போன வருஷம் அதற்கு மேல் இன்னொரு வரி இருந்தது.

ஸ்டாம்பில் நான்தான் ஏமாந்தேன். என் அம்மாவுக்கும் ஓர் அட்டை அனுப்பலாமென்று, படம் விற்கும் கடையிலேயே ஸ்டாம்பும் வாங்கிவிட்டேன். தங்கை பார்த்து, "அக்கா, இது தனியார் கம்பெனி ஸ்டாம்ப். அவங்க வச்சிருக்கிற பெட்டியிலேதான் போடணும். மஞ்சள் பெட்டியிலே போட்டா போகாது" என்றாள். அசல் தபால் ஸ்டாம்பில் 'எஸ்பான்யா' என்றும் 'கோர்ரேயோஸ்' என்றும் அச்சடித்திருக்கும். வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தபாலாபீஸில் கிடைக்கும். இல்லாவிட்டால் 'எஸ்தாங்கோ' என்கிற, அரசாங்க உரிமம் பெற்ற புகையிலைக் கடையில் கிடைக்கும். சுருட்டு விற்கிற கடையில் ஸ்டாம்ப் வாங்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சில ஸ்டாம்புகளில் விலைக்குப் பதில் எழுத்துதான் இருக்கிறது. உள்நாட்டுக்கு 'ஏ', ஐரோப்பாவைத் தாண்டினால் 'சி'. கட்டணம் ஏறினாலும் அது செல்லும். பையனுக்கு ஒரு 'ஏ', எனக்கு ஒரு 'சி'.

கொம்பு வாத்தியமும் கிரீடமும் போட்ட மஞ்சள் பெட்டியில் இரண்டையும் பையனே போட்டான். போட்டபின் வாய்க்குள் கையை விட்டு, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று வேறு பார்த்தான்.

நாங்கள் மாட்ரிட் திரும்பி நாலாம் நாள் எதிர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் பாட்டி. மெலிந்த முகம், கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்குகிறது. கையில் அட்டை. அழுதிருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் கேட்டதோ வேறு. "எல்லாம் சரி ராஜா, என் பேருக்கு முன்னாலே ஏன் ஒரு புழு உட்கார்ந்திருக்கு?"

"புழு இல்லே, கடல்குதிரை!" என்று பையன் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது.