பதினான்கு நாட்கள்

 

ரஜூலா கப்பலேறிப் பினாங்கு சென்ற பாட்டனார்களைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் பேசுவதுண்டு. அவர்கள் பயணிகள். இன்றோ மயிலாடுதுறை, நீடூர் பகுதிப் பிள்ளைகள் சிலர் கப்பலை இயக்கும் அதிகாரிகளாகவே செல்கின்றனர். கப்பல் நிறுவனமொன்றில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், விண்ணப்பங்களை என்னிடம் காட்டிச் செல்வார்கள்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் வந்தார். சரக்குக் கப்பலுக்குத் தேர்டு ஆபீசர் தேவை என்ற அறிவிப்பு அது. செகண்ட் மேட் தகுதிச் சான்றிதழும், அதே பதவியில் பன்னிரண்டு மாதக் கடற்பணியும் கேட்டிருந்தனர். ஆள் சேர்க்கும் நிறுவனத்திற்குக் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வேலை வாங்கித் தர அத்தகைய நிறுவனம் பிள்ளையிடம் பணம் கேட்கக் கூடாது. உரிமம் இருந்தது.

தகுதிச் சான்றிதழிலும் குறையில்லை. அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அவருடையது 2022 மே மாதம் வழங்கப்பட்டது. "கடற்பணி மூன்றாண்டு" என்று அவர் எழுதியிருந்த வரியில்தான் என் கண் நின்றது.

கடற்பணியை விண்ணப்பத்திலிருந்து எண்ணலாகாது, சி.டி.சி. புத்தகத்திலிருந்தே எண்ண வேண்டும். கப்பலின் பெயர், பதவி, ஏறிய நாள், இறங்கிய நாள், கேப்டனின் கையொப்பம் யாவும் அதில் இருக்கும். நானே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதினெட்டு மாதங்கள் கேடட்டாகப் பயிற்சி. தகுதித் தேர்வு எழுத அது உதவியது. தேர்டு ஆபீசர் கணக்கில் சேராது. அதிகாரியாக இரண்டே பயணங்கள். 2022 ஜூன் 10 முதல் டிசம்பர் 9 வரை, சரியாக ஆறு மாதம். அடுத்தது 2023 மார்ச் 4இல் தொடங்கியது. இறங்கிய நாள் ஆகஸ்ட் 19. ஆக ஐந்து மாதம் பதினாறு நாள். விண்ணப்பத்திலோ செப்டம்பர் 3 என்றிருந்தது.

"இதென்ன, தம்பி?" என்றேன்.

"விடுப்புச் சம்பளம் அதுவரை வந்தது, மாமா. அதையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதமாக்கினேன்."

வீட்டில் இருந்த நாள் கடற்பணியாகாது. மொத்தம் பதினோரு மாதம் பதினாறு நாள். குறைவு பதினான்கு நாட்கள். புத்தகமும் விண்ணப்பமும் முரண்பட்டால், பரிசோதிப்பவர் அந்த ஒரு தேதியோடு நிற்கமாட்டார். எஞ்சிய தேதிகளையும் ஐயுறுவார். நானும் பல விண்ணப்பங்களை அப்படி ஒதுக்கியிருக்கிறேன். அளவையில் குறைப்பதைக் கண்டிக்கும் மார்க்கத்தில் பிறந்தவர் கூட்டி எழுதலாமா என்றும் கேட்டேன். அவர் தலை குனிந்தார். தங்கையின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்ததை அறிந்திருந்தும், கேட்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

கேடட் பணியையும் அதிகாரிப் பணியையும் தனித்தனியாகப் பிரித்து, உள்ள நாட்களை உள்ளபடி எழுதச் செய்தேன். அந்த வேலை கிட்டவில்லை. ஆயினும், குறைந்த பணிக்காலம் போதுமென்ற வேறொரு கப்பலுக்கு அந்நிறுவனத்தாரே அவரை அழைத்தனர். சம்பளம் சற்றுக் குறைவு. நிக்காஹ் முடிந்த பத்தாம் நாள் கப்பலேறினார்.